அதிகாலை ஐந்தரைக்கு அந்த விளக்கு வேண்டாம்

“வணக்கம் டாக்டர். எனக்கு வயது 26. கிருஷ்ணகிரியில் அம்மாவுடன் இருந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகள் அமெரிக்க ஷிஃப்டில் இருந்தேன். ஆறு மாதமாகப் பகல் வேலைதான், காலை பதினொன்றரைக்கு லாகின். ஆனாலும் இரவு மூன்று மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. விட்டால் பத்தரைக்குத்தான் விழிப்பேன். இரண்டு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. ஜனவரி நடுவிலிருந்து ஓசூர் அலுவலகத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் போக வேண்டும். ஆன்லைனில் 10,000 லக்ஸ் என்று போட்ட ஒளி சிகிச்சை விளக்கு வாங்கி, அலாரம் வைத்துத் தினமும் ஐந்தரைக்கு எழுந்து, லேப்டாப் பக்கத்தில் இரண்டடி தள்ளி வைத்து அரை மணி நேரம் உட்காருகிறேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. தூக்கம் மூன்றரைக்கு மேல் தள்ளிப்போய்விட்டது, தலைவலியும் வருகிறது. முகப்பருவுக்கு மூன்று வாரமாக டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ள அம்மாவும் (12 ஆண்டுகளாக) கூடவே உட்காருகிறார். அவர் எட்டு மணிக்கே தூங்கி மூன்றரைக்கு விழித்துவிடுபவர். விளக்கு போலியா, அல்லது நான் செய்வது தவறா?”
— ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

அன்புள்ள வாசகிக்கு,

விளக்கு போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஐந்தரை மணி என்பதுதான் தவறு. அதை நாளையே நிறுத்திவிடுங்கள். தலைவலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது விளக்கால் மட்டுமே வருகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கீழே அதற்கு வருகிறேன்.

காலை வெளிச்சம் தூக்கத்தை முன்னுக்கு இழுக்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது யாருடைய காலை என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நம் உடம்பின் வெப்பநிலை இரவில் மெல்ல இறங்கி, தானாக விழிப்பு வரும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். பிறகு ஏறத் தொடங்கும். அந்தத் தாழ்ந்த புள்ளிதான் நமக்கு எல்லைக்கல். அதற்குப் பின் கண்ணில் படும் பலத்த வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துகிறது. மறுநாள் சற்று முன்னதாகத் தூக்கம் வரும். அதற்கு முன் படும் வெளிச்சத்தை உடம்பு ‘இன்னும் மாலை முடியவில்லை’ என்று எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. வெளிச்சம் ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான்; எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு நேரெதிராகிவிடுகிறது.

நீங்கள் இயல்பாக விழிப்பது பத்தரைக்கு. அப்படியானால் உங்கள் எல்லைக்கல் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. நீங்கள் விளக்கின் முன் உட்கார்ந்த ஐந்தரை மணி அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முந்தியது. ஆறு மணிக்கு இயல்பாக எழும் ஒருவரை இரவு ஒரு மணிக்குத் தட்டி எழுப்பி, முகத்துக்கு நேரே பலத்த விளக்கைப் போட்டால் என்ன ஆகுமோ, அதைத்தான் உங்கள் உடம்புக்கு நீங்கள் பன்னிரண்டு நாட்களாகச் செய்திருக்கிறீர்கள். தூக்கம் மூன்றரைக்கு மேல் தள்ளிப்போனதில் வியப்பில்லை. சொல்லப்போனால், மருந்து வேலை செய்திருக்கிறது, வேண்டாத திசையில். விளக்கு இரண்டடி தள்ளி இருந்ததால் பாதிப்பு இந்த அளவோடு நின்றது என்றே நினைக்கிறேன்.

இனி அந்தத் தூரத்தைப் பார்ப்போம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 10,000 லக்ஸ் என்பது விளக்கின் சொந்தக் குணம் அல்ல. குறிப்பிட்ட ஒரு தூரத்தில் கண்ணை வந்தடையும் வெளிச்சத்தின் அளவு. அந்தத் தூரம் பெட்டியின் ஓரத்திலோ உள்ளே இருக்கும் தாளிலோ பொடி எழுத்தில் இருக்கும். டேப்லெட் அளவுள்ள சிறிய விளக்குகளில் அது பெரும்பாலும் 15 செ.மீ. என்பது போன்ற, முகத்தை ஏறக்குறைய ஒட்டிய தூரமாகவே இருக்கும். உங்களுடையதும் அப்படிப்பட்டதுதான் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். 15 செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ் தரும் அந்த அளவு பலகை, 20 செ.மீ. தூரத்தில் 7,000 அளவுக்கு இறங்கும். ஓரடி தள்ளி வைத்தால் மூன்றரை ஆயிரம். நீங்கள் வைத்த இரண்டடியில் ஆயிரம் லக்ஸைத் தாண்டினால் அதிகம். ஆய்வுகளில் பயன்பட்ட அளவு, கண்ணின் இடத்தில் அளந்து 10,000 லக்ஸ் என்றால் அரை மணி நேரம், 5,000 என்றால் ஒரு மணி நேரம், 2,500 என்றால் இரண்டு மணி நேரம். இரண்டடி தள்ளி அரை மணி உட்காருவது, குவளை நிறைய குடிக்க வேண்டிய கஷாயத்தை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது போலத்தான். எங்களிடம் வந்து விளக்கைக் குறை சொல்பவர்களில் பலருடைய குறை இந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரை விளக்கைப் பார்த்திருக்கும்படி கைப்பேசியைக் கண்ணருகில் பிடித்துப் பாருங்கள். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். ஆனால் ஓரடியில் ஓர் எண், இரண்டடியில் ஓர் எண் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். அப்படியே அதை எடுத்துக்கொண்டு, வானம் தெரியும் திண்ணைக்கோ மொட்டை மாடியின் நிழலுக்கோ போய்ப் பாருங்கள். டியூப் லைட் எரியும் கூடத்தில் இருநூறு, முந்நூறு காட்டிய கருவி, அங்கே பல ஆயிரங்களைக் காட்டும். நேர் வெயிலில் அது லட்சத்தை நெருங்கும். இந்தச் சிகிச்சை பிறந்த கதையே வேறு ஊர்க் கதை. 1984இல் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் மனச்சோர்வை விவரித்து, அதற்கு வெளிச்சத்தை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது அமெரிக்காவில். அங்கே வடபகுதிகளில் குளிர்காலப் பகல் மிகவும் சுருங்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். வெளிச்சத்துக்கு இங்கே பஞ்சமில்லை. நாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முறையில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு விளக்கே வேண்டாம். ஐந்தரை அலாரத்தை எடுத்துவிட்டு, முதல் மூன்று நாட்கள் பத்தரைக்கே விழியுங்கள். விழித்த சில நிமிடங்களில் திண்ணையில், வெயில் நேராகப் படாத ஆனால் வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், அரை மணி முதல் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். காப்பியும் செய்தித்தாளும் கூட இருக்கலாம், கறுப்புக் கண்ணாடி மட்டும் கூடாது. நான்காம் நாள் முதல் பத்து மணி, அடுத்த மூன்று நாள் கழித்து ஒன்பதரை என்று, மூன்று நாளைக்கு அரை மணி வீதம் விழிப்பையும் வெளிச்சத்தையும் சேர்த்தே முன்னுக்கு நகர்த்துங்கள். பத்தரையிலிருந்து ஆறரைக்கு வர எட்டுப் படிகள், அதாவது இருபத்து நான்கு நாட்கள். முதல் மூன்று நாட்களையும் சேர்த்தால் நான்கு வாரத்துக்குள் முடியும். உங்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சம் எப்போதும் எல்லைக்கல்லுக்குப் பின்னாலேயே இருக்கும்படி அந்தக் கல்லையே மெல்ல மெல்ல இழுத்து வருவதுதான் இந்த முறை. அவசரப்பட்டு ஒரே வாரத்தில் ஆறரைக்குத் தாவினால் மறுபடியும் தவறான பக்கம் போய்விடுவீர்கள்.

சரியாகப் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டில் இரண்டே விவரங்களை எழுதுங்கள்: இரவு கண் தானாகச் சொருகிய நேரம், காலையில் அலாரத்துக்கு முன்னோ பின்னோ விழிப்பு வந்த நேரம். தூக்கம் வரும் நேரமும் கூடவே முன்னுக்கு நகர்ந்தால் அடுத்த படிக்குப் போகலாம். விழிப்பு மட்டும் முன்னே வந்து, தூக்கம் இரண்டரையிலேயே நின்றால், அந்தப் படியிலேயே இன்னும் மூன்று நாள் தங்குங்கள். அப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் இரவுதான் காரணம். தூங்க நினைக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பிருந்து கூடத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு சிறு மஞ்சள் விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வேளை வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும் பக்கத்தைச் சேர்ந்தது. காலையில் சம்பாதித்ததை இரவில் அது செலவழித்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் விழிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

விளக்குக்கு வேலை வருவது கடைசிப் படிகளில். இந்தப் பருவத்தில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழுகிறது, ஜனவரியில் ஆறே முக்காலை நெருங்கிவிடும். மூட்டமும் பனியும் சேர்ந்தால் ஏழு மணி வரை திண்ணையில் வெளிச்சம் போதாது. அப்போது விளக்கை மேசையில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். முகம் விளக்கின் பக்கம் இருக்க வேண்டும், பார்வை தட்டிலோ புத்தகத்திலோ இருக்க வேண்டும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் பயனில்லை. 20 செ.மீ. தூரத்தில் முக்கால் மணி நேரம் என்றால் ஆறரைக்குத் தொடங்கி இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏழேகால் ஆகிவிடும், ஏழரைப் பேருந்தைப் பிடிக்கலாம். அவ்வளவு நெருக்கம் கண்ணைக் கூசினால் ஓரடிக்குத் தள்ளி வைத்துவிட்டு, மீதியைப் பேருந்தின் சன்னலோர இருக்கையில் ஈடுகட்டுங்கள். திரையை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

விளக்கு வெள்ளை ஒளி தருவதாக, புறஊதாக் கதிர் இல்லாததாக, முன்னால் பால் நிறத் தடுப்புப் பலகை உள்ளதாக இருக்க வேண்டும். நீல நிற விளக்கு அதிக நன்மை தரும் என்று விற்கிறார்கள். கூச்சம்தான் அதிகம், வெள்ளையே போதும். கடை முகப்பில் போடும் எல்இடி ஃபோகஸ் விளக்கை வாங்கிச் சமையலறை அலமாரியில் கட்டி, அதன் எதிரே உட்கார்ந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். லக்ஸ் கணக்கில் அவர் சொன்னது சரிதான். ஆனால் வெளிச்சம் முழுவதும் சில சிறு புள்ளிகளிலிருந்து வரும்போது விழித்திரையில் படும் செறிவு வேறு. அதே அளவு வெளிச்சம் ஒரு பெரிய பலகையில் பரவி வருவது வேறு. இரண்டு நாள் கண்ணில் நிழல் மிதக்கிறது என்று வந்தார். நல்ல வேளையாக நிரந்தரப் பாதிப்பு ஏதும் இல்லை.

இப்போது உங்கள் தலைவலி. இந்த விளக்கைத் தொடங்கிய முதல் வாரத்தில் லேசான தலைவலி, கண் களைப்பு, சில சமயம் குமட்டல் வருவது வழக்கம்; தூரத்தைக் கூட்டினாலோ நேரத்தைப் பாதியாக்கினாலோ சில நாளில் போய்விடும். நீங்கள் விளக்கை நிறுத்தி மூன்று நான்கு நாளில் வலி போய்விட்டால், காரணம் விளக்கும் தூக்கக் குறைவும்தான். போகாவிட்டால், டாக்ஸிசைக்ளினை நினைக்க வேண்டும். அந்த வகை மாத்திரைகள் அரிதாக, குறிப்பாக இளம் பெண்களில், தலைக்குள் நீரழுத்தத்தைக் கூட்டக்கூடும். குனிந்தாலோ படுத்தாலோ வலி கூடுவது, எழுந்திருக்கும்போது சில நொடி பார்வை மங்கி மீள்வது, நாடித் துடிப்போடு சேர்ந்து காதில் இரைச்சல் கேட்பது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் நான்கு நாள் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போய், பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

அதே மாத்திரைக்கு இன்னொரு குணம் உண்டு: தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். இதில் விளக்கைவிட வெயில்தான் பெரிய பகை, ஏனென்றால் கூச வைப்பது பெரும்பாலும் புறஊதாக் கதிர். அதனால்தான் திண்ணை நிழல் என்று வலியுறுத்தினேன். முகம் சிவந்து எரிந்தால் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். வெண்புள்ளிக்குக் கொடுக்கும் சோராலன், மூட்டுவலிக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், சில பழைய மனநல மாத்திரைகள் சாப்பிடுவோர் கண் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளக்கின் பக்கம் போகக் கூடாது என்பதையும் இந்தப் பத்தியைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மனம் ஒட்டாமல் இருப்பதற்கு இந்த முறை உதவுமா என்றால், உதவ வாய்ப்பு உண்டு. குளிர்காலச் சோர்வுக்கு மட்டுமல்லாமல் பருவத்தோடு சேராத மனச்சோர்வுக்கும் பயன்படுவதாக 2016இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு காட்டியது. அதில் எழுந்தவுடன் 10,000 லக்ஸ் அரை மணி நேரம் என எட்டு வாரம் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாக நீடிக்கும் மனச்சோர்வை நீங்கள் விளக்கை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஒரு முறையேனும் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கோ உங்கள் இரத்த உறவினருக்கோ மிகை எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய் இருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிட்டே தொடங்குங்கள். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, பணம் தண்ணீராகச் செலவாகிறது என்ற நிலை தெரிந்தால், காலை வெளிச்ச முறையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக உங்கள் அம்மா. அவர் இப்போதே அந்த விளக்கின் முன்னிருந்து எழுந்துவிட வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. எட்டு மணிக்குத் தூங்கி மூன்றரைக்கு விழிப்பவரின் கடிகாரம் ஏற்கெனவே முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தரை மணி வெளிச்சம் உங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அவருக்கோ அது எல்லைக்கல்லைத் தாண்டிய வேளை, இன்னும் முன்னுக்கு இழுத்து, எட்டு மணித் தூக்கத்தை ஏழரை ஆக்கிவிடும். அவருக்கு வெளிச்சம் தேவைப்பட்டால் மாலையில்தான் தேவை. முதலில் மாலை ஐந்தரை முதல் வெளியே நடக்கட்டும், எட்டு மணி வரை கூடத்தில் விளக்குகள் நன்றாக எரியட்டும். அதிகாலையில் எழுப்புவது சிறுநீர்தானா, அப்படியானால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கண். ஆரோக்கியமான கண் உள்ளவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் இந்த விளக்குகளால் தீங்கு தென்படவில்லை. அந்த ஆறுதல் பன்னிரண்டு ஆண்டு சர்க்கரையுள்ள கண்ணுக்குப் பொருந்தாது. சர்க்கரை விழித்திரையின் சிறு இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது வெகுநாள் வரை பார்வை தெளிவாகவே இருக்கும். ‘எனக்கு நன்றாகத் தெரிகிறதே’ என்பது சான்றாகாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்க வைப்பதும் இந்தச் சோதனை ஆகாது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, உள்ளே விழித்திரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எப்படியும் செய்ய வேண்டிய சோதனை இது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலேயே கேட்கலாம். கண் அழுத்த நோய், விழித்திரையின் மையப் பகுதித் தேய்வு, அண்மையில் செய்த கண்புரை அறுவை ஆகியவை உள்ளவர்களுக்கும் இதே விதிதான்.

அம்மாவைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியாது. அவரைத் தனியாகப் பேருந்தில் அனுப்ப வேண்டாம். அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைவலி அதற்குள் போகவில்லை என்றால், அதே வரிசையில் உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டுவிடுங்கள்.